நித்திரையும் தூக்கமும்: கொச்சிக்கடைக் கதையொன்றின் சொற்தெரிவு

கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொச்சிக்கடையில் இருக்கும் அந்தோனியார் ஆலயத்தைப் பத்திரிகைகள் ‘புனித அந்தோனியார் திருத்தலம்’ என்று எழுதும். வானொலிச் செய்தியில் அது ‘தேவாலயம்’. செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரியோடு அங்கே போகிற கத்தோலிக்கரும் சைவரும் ‘அந்தோனியார் கோயில்’ என்றே சொல்வார்கள். பிள்ளைகள் சிலர் ‘சேர்ச்’ என்றும் சொல்லக் கேட்கலாம். அந்த வாசலில் ஒரு சிறுகதையைத் தொடங்குகிறவருக்கு முதல் வரியிலேயே சிக்கல் வந்துவிடுகிறது. கதைசொல்லி எந்தச் சொல்லை எடுப்பது, கதைமாந்தர் எந்தச் சொல்லைச் சொல்வது?

வழக்கமாகக் கிடைக்கும் விடை எளிமையானது. விவரணைக்கு எழுத்துத் தமிழ், உரையாடலுக்குப் பேச்சுத் தமிழ். ஒத்த பொருளுள்ள சொற்களை இரண்டு பத்தியாகப் பிரித்து, ‘இல்லம்’ இந்தப் பக்கம், ‘வீடு’ அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். கொச்சிக்கடையைப் பற்றி எழுதும்போது இந்த ஏற்பாடு இரண்டு இடங்களில் உடைகிறது. அங்கே பேச்சுத் தமிழ் ஒன்றல்ல. எழுத்துத் தமிழும் சென்னையில் அச்சாகும் எழுத்துத் தமிழ் அல்ல.

எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையிலான பிளவு மொழியியலில் நன்கு ஆராயப்பட்டது. சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் ‘இரட்டை வழக்கு’ என்ற கருத்தை அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெயிட்டியின் கிரியோல் ஆகியவற்றை வைத்து விளக்கினார். ஒரே சமூகம் ஒரே மொழியின் இரண்டு வடிவங்களை வேலை பிரித்துப் பயன்படுத்துகிறது. ஒன்று மேடைக்கும் ஏட்டுக்கும், மற்றது வீட்டுக்கும் சந்தைக்கும் என்பது அவர் கண்டது. பின்னால் வந்தவர்கள் அதைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் ஒரு முழு நூலே எழுதினார். மொழியியலாளருக்கு இந்தப் பிரிவு போதும். புனைகதை எழுதுகிறவருக்கோ அந்த இரண்டு வடிவங்களும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த வரியில் வந்து நிற்கின்றன. மேற்கோள் குறி ஒன்றுதான் எல்லை.

அந்த எல்லையைப் பற்றி ஈழத்தில் சண்டையே நடந்திருக்கிறது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட ‘நானாடகம்’ யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே எழுதப்பட்டது. தமிழ் அறிஞர் ஒருவரே வீட்டுப் பேச்சை அச்சில் ஏற்றியது அந்தக் காலத்தில் சிறிய காரியமல்ல. அதே ஆசிரியர், யாழ்ப்பாண மன்னனைப் பற்றிய ‘சங்கிலி’ நாடகத்துக்குப் பேச்சுத் தமிழை எடுக்கவில்லை. எந்த வாய்க்கு எந்த மொழி என்பதை அவர் நாடகத்துக்கு நாடகம் தீர்மானித்தார். 1960களின் தொடக்கத்தில் இந்தப் பிரச்சினை ‘மரபுப் போராட்டம்’ என்ற பெயரில் பத்திரிகைகளுக்கு வந்தது. முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையில் எழுதுவதை ‘இழிசனர் வழக்கு’ என்று கண்டித்தவர்கள் ஒரு பக்கம், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி, அ.ந. கந்தசாமி, இளங்கீரன் முதலியோர் மறுபக்கம். டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றதும் அந்தச் சூழலில்தான். ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’ பிற்காலத்தில் கொழும்பு 13இல், ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. கொச்சிக்கடையிலிருந்து நடந்து போகிற தூரம்.

பேச்சுத் தமிழ் கதைக்குள் வரலாமா என்ற கேள்வி அந்தப் போராட்டத்தோடு தீர்ந்துவிட்டது. வரலாம் என்பதில் இன்று யாருக்கும் ஐயம் இல்லை. எந்தச் சொல், எந்த இடத்தில், எவ்வளவு என்ற கைத்தொழில் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. போராட்டத்தின் சூட்டில் அதை யாரும் பொறுமையாக எடுத்து ஆராயவில்லை என்றே நினைக்கிறேன். ஆகவே ஒரு சிறு காட்சியை எடுத்து, சொல் சொல்லாகப் பார்ப்போம். காட்சி இந்தக் கட்டுரைக்காக எழுதியது. வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் மகேஸ்வரி, மகனுக்காக நேர்ந்துகொண்டு, செவ்வாய்க்கிழமை மாலை கொச்சிக்கடைக்கு வருகிறாள். வாசலில் மெழுகுதிரி விற்கிறவள் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த, இந்திய வம்சாவளிக் குடும்பத்துப் பெண்.

பள்ளிக்கூடக் கட்டுரை எழுதிப் பழகிய கை முதலில் இப்படி எழுதும்:

“மாலை மங்கிய வேளையில் ஆலய முன்றலில் மெழுகுதிரி விற்கும் பெண்மணி அமர்ந்திருந்தாள். மகேஸ்வரி அவளிடம் சென்றாள். ‘எனக்கு இரண்டு கட்டுகள் தாருங்கள். நான் விரைவாக வெள்ளவத்தைக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்’ என்று கூறினாள்.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் மகேஸ்வரி இங்கே பேசவில்லை. கதைசொல்லியே தொடர்ந்து பேசுகிறார். இதைக் கண்டு வெறுத்த கை, மறுபக்கம் போய் எல்லாவற்றையும் ஒலிப்படி எழுதத் தொடங்கும். ‘ரெண்டு’, ‘குடுங்கோ’, ‘எண்டு’, ‘வெள்ளவத்தேக்கு’ என்று ஒவ்வொரு சொல்லும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதாகிவிடும். வாசகர் ஆளைக் காணமாட்டார், எழுத்தைத்தான் காண்பார். இரண்டு வரைவிலும் குறை ஒன்றே. முதலாவது சொல்லையும் விகுதியையும் சேர்த்து உயர்த்திவிட்டது, இரண்டாவது இரண்டையும் சேர்த்து இறக்கிவிட்டது.

சொல் வேறு, சொல்லின் வால் வேறு. இதைப் பிரித்துப் பார்த்தால் தெரிவு எளிதாகிறது. ‘வெளிக்கிடு’ என்பது யாழ்ப்பாணத்தில் புறப்படுவதைக் குறிக்கும் பேச்சுச் சொல். ‘வெளிக்கிட்டிட்டா’ என்றால் அது வாய்ப்பேச்சு. ‘வெளிக்கிட்டாள்’ என்று எழுத்து வழக்கின் விகுதி கொடுத்தால், ஈழத்துக் கதைசொல்லி தயங்காமல் விவரணையில் வைக்கக்கூடிய வினைமுற்று. ‘கதைத்தாள்’, ‘கதிரையை இழுத்துப் போட்டாள்’, ‘குசினிக்குள் போனாள்’ எல்லாம் இந்த வகை. கதிரை இலங்கையில் பள்ளிப் புத்தகத்திலும் கதிரைதான். அங்கே ‘நாற்காலி’ என்று எழுதினால் விவரணை இலக்கியத் தரம் பெறாது, ஊர் மாறிவிடும். பேச்சுச் சொல்லும் எழுத்து விகுதியும் சேர்ந்த இந்தக் கலவைதான் ஈழத்து உரைநடையின் பெரும் சொத்து என்பது என் கருத்து. இரண்டு பத்திகளுக்கும் நடுவில் அகலமான ஒரு பொதுநிலம் இருக்கிறது; நல்ல கதைசொல்லிகள் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறார்கள்.

மறுதலையாகச் செய்து பார்த்தால் ஒரு சோதனை கிடைக்கும். உரையாடலில் வைக்க நினைக்கும் சொல்லுக்கு, அந்த ஆளின் பேச்சு விகுதியைக் கொடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘செல்லுறன்’ என்று மகேஸ்வரி சொல்வாளா? மாட்டாள், ‘போறன்’ என்பாள். ‘கூறுறன்’, ‘அமருறன்’ இரண்டையும் நாக்கு மறுக்கிறது. ஆகவே செல், கூறு, அமர் மூன்றும் அவளுடைய உரையாடலுக்கு வெளியே. ‘விரைவா’ என்பதை நாக்கு மறுக்காது, ஆனால் அவள் வாயில் முந்தி வருவது ‘கெதியா’. ‘நித்திரை கொள்ளுறன்’? தாராளமாகச் சொல்வாள்.

இந்தக் கடைசி விடையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அச்சான எந்தச் சொல் வழிகாட்டியும் ‘நித்திரை’யை எழுத்துப் பத்தியிலும் ‘தூக்கம்’ என்பதைப் பேச்சுப் பத்தியிலும் வைக்கும். யாழ்ப்பாணத்து வீட்டில் நித்திரைதான் அன்றாடச் சொல். ‘விளங்கு’, ‘வடிவு’ போன்றவற்றின் கதையும் இதுவே: தமிழ்நாட்டு வாசகருக்குச் செய்யுள் வாடை வீசும், பருத்தித்துறையில் சந்தைச் சொல். மெழுகுதிரி விற்கிறவளின் வாயிலோ ‘தூக்கம்’தான் வரும், ‘நித்திரை கொள்ளுறேன்’ என்று அவள் சொன்னால் பொய்யாகக் கேட்கும். ஆகவே ஒரு சொல் இலக்கியச் சொல்லா பேச்சுச் சொல்லா என்பது அந்தச் சொல்லுக்குள் எழுதியிருப்பதில்லை. யாருடைய வாய் என்று கேட்ட பிறகே விடை வரும்.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகு காட்சி இப்படி அமைந்தது:

“பொழுது பட்டுக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிறவள் தன் பலகைக்குப் பின்னால் குந்தியிருந்தாள். மகேஸ்வரி ஓட்டோவை விட்டு இறங்கிய கையோடு அவளிடம்தான் போனாள்.

‘ரெண்டு கட்டு தாங்கோ. எனக்குக் கெதியா வெள்ளவத்தைக்குத் திரும்பவேணும்.’

‘செவ்வாக்கெழம கெதியால்லாம் போக ஏலாதும்மா. உள்ள கூட்டத்தப் பாருங்க. கொஞ்சம் ஒக்காருங்க, கொறஞ்சதும் போங்க.’

‘இருக்க நேரமில்லை. மகன் ஒருத்தரோடயும் கதைக்கிறானில்லை. ராவிலை நித்திரையும் இல்லை. நேத்தி வைச்சனான்.’

மெழுகுதிரிக்காரி நீட்டிய காசை வாங்கவில்லை.

‘எத்தன நாளா தூங்கல?’ என்று கேட்டாள்.”

விவரணையில் முதலில் தடுமாறிய இடம் ‘குந்தியிருந்தாள்’. ‘அமர்ந்திருந்தாள்’ என்றால் கல்யாண வீட்டில் பெரியவர் இருப்பது போலாகிறது. பலகைக்குப் பின்னால் நாள் முழுக்க முழங்கால் மடித்துக் கிடக்கிற உடம்பு அந்தச் சொல்லுக்குள் வராது. யாழ்ப்பாணத்தார் ‘இருந்தாள்’ என்றே சொல்வார்கள். ‘இருங்கோ’ என்றால் உட்காருங்கள் என்றே பொருள். விவரணையில் ‘பலகைக்குப் பின்னால் இருந்தாள்’ என்றால் உட்கார்ந்தாளா, அங்கே வெறுமனே நின்றாளா என்பது தெளியாது. ‘குந்தி’ இரண்டு பெண்களுக்கும் தெரிந்த சொல், எழுத்து விகுதியைத் தாங்கும் சொல், உடம்பின் நிலையையும் சொல்கிறது. உரையாடலில் மட்டும் இருவரும் பிரிகிறார்கள். விற்கிறவள் ‘ஒக்காருங்க’ என்கிறாள், மகேஸ்வரி ‘இருக்க நேரமில்லை’ என்கிறாள். ஒரே செயலுக்கு மூன்று வினை. மூன்றும் தத்தம் இடத்தில் இருப்பதால் யார் பேசுவது என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியிருக்கவில்லை. ‘என்று கேட்டாள்’ ஒரே ஒரு தடவைதான் வருகிறது.

ஒலிப்படி எழுதியதையும் பாருங்கள். மகேஸ்வரியின் பேச்சில் ‘தாங்கோ’, ‘வேணும்’, ‘கதைக்கிறானில்லை’, ‘வைச்சனான்’ என்று வினை முடிவுகளே பெரும்பாலும் மாறியிருக்கின்றன. ‘திரும்ப’, ‘நேரமில்லை’, ‘மகன்’ எல்லாம் வழக்கமான எழுத்தில். தமிழில் பேச்சின் அடையாளம் வினை முடிவில்தான் திரண்டு நிற்கிறது. அதைச் சரியாகப் பிடித்தால் மீதியை வாசகரின் காது தானே நிரப்பிக்கொள்ளும். ‘வைச்சனான்’ என்ற ஒரு வடிவம் போதும், அவள் யாழ்ப்பாணத்தாள் என்று தெரிய. விற்கிறவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒலி மாற்றினேன், ‘செவ்வாக்கெழம’, ‘கொறஞ்சதும்’ என்று. இதில் ஒரு நீதிப் பிரச்சினை இருக்கிறது. படித்த, வசதியான பாத்திரத்தின் பேச்சைச் சுத்தமாகவும் ஏழையின் பேச்சைச் சிதைத்தும் எழுதினால், ‘இழிசனர் வழக்கு’ என்ற பழைய தீர்ப்பை எழுத்துக்கூட்டல் வழியாகத் திரும்பவும் எழுதியதாகும். திரும்பப் படித்தபோது ‘செவ்வாக்கெழம’ என்பதைச் ‘செவ்வாய்க்கெழம’ என்று ஓரளவு மீட்கலாம் என்றுதான் தோன்றுகிறது. மகேஸ்வரியும் ‘செவ்வாய்க்கிழமை’யை ஏட்டில் உள்ளபடி உச்சரிப்பவள் அல்லவே.

விற்கிறவள் ‘கெதியால்லாம்’ என்கிறாள். அது அவளுடைய சொல் அல்ல. அவள் ‘சீக்கிரம்’ என்பாள். வாடிக்கையாளரின் சொல்லைப் பிடித்துத் திருப்பிச் சொல்வது கடைவாசலில் இருப்பவர்களின் பழக்கம். செவ்வாய் தவறாமல் வெள்ளவத்தையும் மட்டக்குளியும் நீர்கொழும்பும் வந்துபோகிற வாசலில், ஒருவர் பேச்சு மற்றவர் வாயில் ஒட்டும். ‘ஏலாது’ அப்படி ஒட்டுவதற்கும் முன்னாலேயே எல்லாருக்கும் பொதுவானது. இலங்கையில் யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், முஸ்லிம்கள் எல்லாரும் சொல்வார்கள். பாத்திரம் ஒவ்வொன்றையும் அதனதன் வட்டார வழக்குக்குள் பூட்டி வைத்தால் கொச்சிக்கடை வராது, மொழியியல் காட்சியறைதான் வரும். ஆனால் கடைசியில், பரிவு வரும் இடத்தில், அவள் தன் சொல்லுக்குத் திரும்புகிறாள்: ‘தூங்கல’. அந்தத் தாய் ‘நித்திரை’ என்றதையே பிடித்துக்கொண்டு ‘எத்தன நாளா நித்திரையில்ல?’ என்று கேட்டிருந்தால், விற்பனைப் பேச்சு தொடர்வதாக இருந்திருக்கும்.

இப்போது கதைசொல்லி மகேஸ்வரியின் மனதுக்குள் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மேற்கோள் குறி இல்லை. சொல்வது கதைசொல்லி, நினைப்பது அவள். “அவன் முகம் பார்த்துக் கதைத்து எத்தனை நாளாயிற்று?” என்று எழுதலாம். ‘கதைத்து’ அவளுடையது, ‘நாளாயிற்று’ கதைசொல்லியுடையது. ‘உரையாடி எத்தனை நாளாயிற்று’ என்றால் அவள் வரியை விட்டு வெளியே போய்விடுகிறாள். ‘கதைச்சு எத்தினை நாளாப் போச்சு’ என்றால் கதைசொல்லி காணாமல் போகிறார், அடுத்த வாக்கியத்தில் ‘மழை தூறத் தொடங்கியது’ என்று அவர் திரும்பி வரும்போது வாசகருக்குத் தூக்கிவாரிப் போடும். இப்படியான இடங்களில்தான் பொதுநிலத்துச் சொற்கள் வேலை செய்கின்றன.

‘கதை’க்கு இணையான ‘பேசு’ என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இந்திய வம்சாவளியினரிடையிலும் ‘பேசு’ வெறும் உரையாடல். யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் கண்டிப்பது. ‘அம்மா பேசினவ’ என்றால் அம்மா ஏசினாள். தெரியாமல் எழுதினால் பிழை, தெரிந்து எழுதினால் கதை:

“‘மகன்கிட்ட பேசுனீங்களாம்மா?’

‘நான் பேசேல்லை. ஆறுதலாத்தான் கேட்டனான்.’”

விற்கிறவள் கேட்டது, அவனோடு மனம் விட்டுக் கதைத்தீர்களா என்று. மகேஸ்வரிக்கு அது, அவனை ஏசினீர்களா என்ற குற்றச்சாட்டாகக் கேட்கிறது. உடனே தன்னைக் காத்துக்கொள்கிறாள். அவள் பேசித்தான் இருக்கிறாள் என்ற ஐயம் வாசகருக்கு அங்கேயே எழும். இதைக் கதைசொல்லி விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்த இடம் வேலை செய்ய, கதை முழுவதிலும் விவரணை ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். கதைசொல்லி முன்னால் எங்காவது ‘மகேஸ்வரி தொலைபேசியில் பேசினாள்’ என்று சாதாரணப் பொருளில் எழுதியிருந்தால், அவளுடைய பேச்சில் அந்தச் சொல் வேறு என்பதை வாசகர் உணர வழி இல்லை. ‘தொலைபேசியில் கதைத்தாள்’ என்றே எழுதியிருக்க வேண்டும். உரையாடலில் வரும் ஒரு சொல்லின் கூர்மையை, பல பக்கங்களுக்கு முன்னால் விவரணையில் தவிர்த்த சொல்தான் தருகிறது.

நாக்குச் சோதனைக்கு எல்லை உண்டு. சிலர் உண்மையாகவே ஏட்டுத் தமிழில் பேசுவார்கள். ஆலயத்தில் அறிவித்தல் வாசிக்கும் குருவானவர் ‘இறைமக்கள் அனைவரும் அமைதியாக அமருங்கள்’ என்பார்; அதை ‘எல்லாரும் இருங்கோ’ என்று மாற்றினால் அவர் வாயைப் பறித்ததாகும். மரண அறிவித்தலில் ‘காலமானார்’; வீட்டு வாசலில் யாழ்ப்பாணத்து முதியவர் ‘மோசம் போட்டார்’ என்பார், விற்கிறவள் ‘தவறிட்டாரு’ என்பாள், முஸ்லிம் அயலவர் ‘மௌத்தாப் போயிட்டார்’ என்பார். விவரணைக்கு ‘இறந்துபோனார்’ போதும் என்பேன். ‘இயற்கை எய்தினார்’ என்று கதைசொல்லி எழுதினால், அவரும் அறிவித்தல் வாசிக்கத் தொடங்கிவிட்டார். இன்னொரு எல்லை, கதைசொல்லியே ஓர் ஆள் என்றால். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்கை விவரணைக்குள்ளேயே கொண்டுவந்தவர். 1982இல் அந்த வட்டாரத்துக்கு அகராதியும் செய்தார். மெழுகுதிரிக்காரியே ‘நான்’ என்று தொடங்கிக் கதை சொன்னால் மேலே எழுதியதில் பாதி செல்லாது. ‘பலகைக்குப் பின்னால ஒக்காந்திருந்தேன்’ என்பதுதான் அப்போது விவரணை, ‘குந்தியிருந்தாள்’ என்ற நடுவழி தேவைப்படாது.

சொற்தெரிவு கெட்டுப்போகும் கடைசி இடம் அச்சுக்கூடம். கொழும்பில் எழுதிய கதை சென்னையில் நூலாகும்போது, வாசகருக்கு விளங்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் விவரணையைத் தொடுவதுண்டு. உரையாடலை வட்டார வழக்கு என்று மதித்து விட்டுவிடுவார். விவரணை பொதுத் தமிழ்தானே என்று ‘கதைத்தாள்’ என்பதைப் ‘பேசினாள்’ ஆக்குவார், கதிரையை நாற்காலி ஆக்குவார், குசினியைச் சமையலறை ஆக்குவார். கதிரையும் குசினியும் போனால் இடத்தின் மணம் கொஞ்சம் குறையும், கதை நடக்கும். ‘கதைத்தாள்’ போனால் மகேஸ்வரியின் ‘நான் பேசேல்லை’ என்ற பதில் பொருளற்ற மறுப்பாகிவிடும். மகனோடு ஒரு வார்த்தையும் பேசாத தாய் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். பின்னிணைப்பில் சொல்லடைவு சேர்த்தாலும் இது சரியாகாது, ஏனென்றால் ‘பேசு’ என்ற சொல்லுக்குப் பொருள் தேடி எந்த வாசகரும் பின்பக்கம் புரட்டமாட்டார். கதையை அனுப்பும்போதே, மாற்றக்கூடாத விவரணைச் சொற்களை ஒரு தாளில் எழுதி உடன் அனுப்புவது நல்லது. இந்தக் கதைக்கு அந்தத் தாளில் ‘கதைத்தாள்’ முதலில் இருக்கும், அடுத்தது ‘குந்தியிருந்தாள்’. கதிரையை நான் விட்டுக்கொடுப்பேன்.